பேஜ் உங்கள் பெயரில், உறுதி யார் பெயரில்?



கொஞ்சம் நீளமான பதிவு. வியாபாரத்துக்கு பேஸ்புக் பேஜ் வைத்திருக்கிறவர்கள் தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு கடைசி வரை வாசியுங்கள். பேஜ் இல்லாதவர்கள், பேஜ் வைத்திருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பி விடுங்கள்.

இந்த வாரமும் ஊர் வட்ஸ்அப் குரூப்பில் அந்த மெசேஜ் வந்தது. "எங்கட பேஜை ஹேக் பண்ணிட்டாங்க. அதில யாரும் மெசேஜ் போட வேணாம். இதுதான் புதுப் பேஜ், லைக் பண்ணி ஷெயார் பண்ணுங்க." கீழே பத்துப் பேர் அழுகிற முகம் போட்டார்கள். இரண்டு பேர் "காலம் கெட்டுப் போச்சு" என்றார்கள். பழைய பேஜுக்கு யார் யார் அட்மினாக இருந்தார்கள், அந்த அட்மினின் ஈமெயில் யாருடையது, அந்த ஈமெயிலுக்குக் கொடுத்த போன் நம்பர் யாருடைய சிம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால், பேஜ் போன வாரம்தான் கைமாறியதா, அல்லது தொடங்கிய நாளிலிருந்தே கடைக்காரரின் கையில் இல்லையா என்பது தெரிந்திருக்கும்.

நாங்கள் பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதால், ஊரில் பேஜ் போனால் எங்களிடம்தான் வருகிறார்கள். வருகிறவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் எங்களுக்குக் கோபம்தான் மிச்சம். திருடன் மேல் உள்ள கோபம் ஒரு பக்கம். அதை விடப் பெரிய கோபம் எங்கள் ஆட்களின் பழக்கத்தின் மேல். எப்படிப்பட்ட பழக்கம் என்று ஒரு கதையோடு சொல்கிறோம். சம்பந்தப்பட்ட நானாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம், பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நுவரெலியாவில் அவருக்கு ஐந்து அறை உள்ள சின்ன லொட்ஜ். வருடத்தில் அவர் ஓரளவு காசைக் கண்ணால் காண்பது ஏப்ரல் சீசனில்தான். காத்தான்குடி, கல்முனை, கொழும்புப் பக்கத்துக் குடும்பங்கள் மார்ச் மாதமே பேஜின் இன்பாக்ஸில் பேசி, அட்வான்ஸ் போட்டு, திகதி பிடித்து விடுவார்கள். பேஜை நடத்துவது ஹட்டனில் இருக்கும் அவருடைய மருமகன். நல்ல பிள்ளை, கெட்டிக்காரன். போட்டோ போடுவது, பதில் சொல்வது, பூஸ்ட் பண்ணுவது எல்லாம் அவன்தான். பூஸ்டுக்கு நானாவின் டெபிட் கார்ட் நம்பர் அதிலேயே சேமித்து வைக்கப்பட்டிருந்தது.

மார்ச் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை அந்தி. மருமகன் நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸில் இருக்கிறான். பேஜின் இன்பாக்ஸுக்கு ஒரு மெசேஜ் வருகிறது. நீல நிற மெட்டா அடையாளம், பெயரில் சப்போர்ட் என்று ஒரு சொல். "உங்கள் பேஜ் கொப்பிரைட் விதியை மீறியுள்ளது, 24 மணித்தியாலத்தில் நீக்கப்படும், மறுப்புத் தெரிவிக்க இங்கே அழுத்தவும்" என்று ஆங்கிலத்தில். சீசன் நேரம். பிள்ளைக்குக் கை நடுங்கியிருக்கும். அழுத்தினான். பேஸ்புக் மாதிரியே ஒரு பக்கம் திறந்தது. ஈமெயில், பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தான். போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் ஒரு ஆறு இலக்க கோட் வந்தது, அதையும் அந்தப் பக்கம் கேட்டது, கொடுத்தான்.

இந்த இடத்தில்தான் "கோட் போட்டிருந்தும் எப்படி உள்ளே வந்தார்கள்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் போலிப் பக்கத்துக்குப் பின்னால் உண்மையான பேஸ்புக் லொகின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவன், அல்லது ஒரு ப்ரோகிராம், காத்திருக்கிறது. நீங்கள் இங்கே தட்டுவதை அது அங்கே தட்டுகிறது. அந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்பியது உண்மையான பேஸ்புக்தான், திருடன் லொகின் பண்ணியதற்காக அனுப்பியது. அதை நாமே அவனிடம் வாசித்துக் காட்டுகிறோம்.

பேஸ்புக் உங்கள் பேஜின் இன்பாக்ஸுக்கு மெசேஜ் போட்டு இப்படிக் கேட்காது. பேஜுக்கு உண்மையிலேயே பிரச்சினை இருந்தால், பேஜின் செட்டிங்ஸுக்குள் Page status என்ற இடத்தில் தெரியும். அங்கே ஒன்றும் இல்லை என்றால் வந்த மெசேஜ் பொய். ஈமெயிலிலும் கவனம். உங்கள் பேஜைத் தங்கள் நிறுவனக் கணக்கோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லும் அழைப்பு, பேஸ்புக்கின் உண்மையான facebookmail.com முகவரியிலிருந்தே வரலாம். ஏனென்றால் யார் வேண்டுமானாலும் யாருக்கும் அப்படி ஒரு அழைப்பு அனுப்ப முடியும். தபால்காரர் உண்மையானவர் என்பதால் கடிதம் உண்மை ஆகாது. தெரியாத அழைப்புக்கு Accept அழுத்தாதீர்கள்.

அரை மணித்தியாலத்துக்குள் மருமகனின் கணக்கில் வேறு ஈமெயில், வேறு போன் நம்பர், வேறு கோட் செயலி ஏறிவிட்டன. பேஜின் அட்மின் பட்டியலில் இருந்து அவன் வெளியே. இரவு பதினொரு மணிக்கு நானாவின் போனுக்கு பேங்கிலிருந்து மூன்று எஸ்எம்எஸ், மூன்று தடவை காசு வெட்டியிருந்தது. நானா அதைப் பார்த்தார், மருமகன் பூஸ்ட் பண்ணுகிறான் என்று நினைத்துத் தூங்கிவிட்டார்.

மருமகன் விஷயத்தைச் சொன்னது அடுத்த நாள் பகலுக்கு மேல்தான். ஏசுவார்கள் என்ற பயம். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் கிளாஸை உடைத்தாலும் பேஜைத் தொலைத்தாலும் முதலில் செய்வது மறைப்பது, ஏனென்றால் நாங்கள் முதலில் செய்வது ஏசுவது. அந்தப் பதினேழு மணித்தியாலம்தான் இந்தக் கதையில் மிகவும் விலை கூடியது. ஈமெயில் மாறியதும் பேஸ்புக் பழைய ஈமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்பும், "இது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்துங்கள்" என்று ஒரு இணைப்போடு. அதை உடனே அழுத்தினால் பாதி வேலை முடியும். நாட்கள் போகப் போக அந்த இணைப்பால் பயன் குறைந்துகொண்டே போகும்.

சரி, அந்தப் பழைய ஈமெயிலைத் திறப்போம் என்றோம். அங்கேதான் எங்கள் தலை சுற்றியது.

அந்த ஈமெயிலைத் திறந்தது சில வருடங்களுக்கு முன், ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில். மருமகனுக்கு அதன் பாஸ்வேர்ட் தெரியாது. மீட்பு நம்பராக இருந்தது கடையில் அப்போது வேலை செய்த தம்பியின் சொந்த நம்பர். அந்தத் தம்பி இப்போது கட்டாரில். வட்ஸ்அப்பில் தேடிப் பிடித்தோம். அந்த சிம் வீட்டில் உம்மாவின் லாச்சியில் கிடக்கிறது என்றார். அந்தத் தாய், மகனின் சிம் செத்துப் போகக் கூடாதென்று அவ்வப்போது ரீலோட் போட்டு வைத்திருந்தார். மழையில் மருமகன் அங்கே போய், சிம்மைப் பழைய போனில் போட்டு, கோட்டை எங்களுக்கு வாசித்தான். ஒரு தாயின் பாசத்தால் ஈமெயில் திறந்தது. அந்தத் தாய் இரண்டு தடவை ரீலோட் பண்ண மறந்திருந்தால் அந்த நம்பர் வேறு யாருக்கோ போயிருக்கும், இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஐந்து அறை, ஒரு குடும்பத்தின் வருட வருமானம், கட்டாரில் இருக்கும் ஒருவரின் வீட்டு லாச்சியில் கிடந்த சிம்மில் தொங்கியது. இதற்கு ஹேக்கரையா குற்றம் சொல்வது?

மலையகத்தில் இருக்கிற நமக்கு இது புரியாமல் போவதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. இருநூறு வருடம் லயத்தில் இருந்தும் வீட்டுக்கு உறுதி இல்லாமல் இருப்பதென்றால் என்னவென்று இந்த மண்ணில் உள்ளவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. காணி உறுதிக்காகக் கூட்டம் போடுகிறோம், கோஷம் போடுகிறோம். டவுனில் கடை வாடகைக்கு எடுத்தால் ஒப்பந்தத்தை நொத்தாரிசிடம் எழுதுகிறோம். ஆனால் அந்தக் கடைக்கு வாடிக்கையாளர் வரும் வழியை மட்டும், "தம்பி, நீயே ஒன்று செய்து தா" என்று கொமியூனிகேஷனில் ஐந்நூறு ரூபா கொடுத்து முடித்து விடுகிறோம்.

பேஸ்புக்கின் கணக்குப்படி, பேஜை யார் தொடங்கினார், யாருடைய கடை, யார் செலவழித்தார் என்பதெல்லாம் அன்றாடம் ஒரு பொருட்டே கிடையாது. பேஜின் செட்டிங்ஸில் Page access என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே முழுக் கட்டுப்பாடு, அதாவது Full control, உள்ள எவரும் மற்ற எவரையும் வெளியேற்றலாம். தொடங்கியவரையும் வெளியேற்றலாம். பிறகு சேர்ந்தவர் பத்து வருடம் இருந்தவரைத் தள்ளலாம். ஆகவே ஐந்து பேருக்கு முழுக் கட்டுப்பாடு கொடுத்தால், அந்த ஐந்து பேரில் ஆகக் கவனம் குறைந்தவரின் போன் எவ்வளவு பாதுகாப்போ அவ்வளவுதான் உங்கள் வியாபாரத்தின் பாதுகாப்பு. ஒரே ஒருவருக்குக் கொடுத்தால், அவர் விழுந்த அன்று எழுப்ப ஆள் இல்லை.

கதைக்கு வருவோம். ஈமெயிலைத் திறந்ததும் அதன் பாஸ்வேர்டை மாற்றினோம், மீட்பு நம்பரை மாற்றினோம். ஜிமெயிலின் ஃபில்டர் பட்டியலையும் ஃபோர்வர்டிங்கையும் பார்த்தோம். திருடன் ஈமெயிலுக்குள்ளும் போயிருந்தால், பேஸ்புக்கிலிருந்து வரும் கடிதங்கள் தானாகவே அழிந்து போகும்படி அங்கே ஒரு ஃபில்டர் எழுதி வைத்திருப்பான். நல்ல வேளை, இங்கே அப்படி இல்லை. பலர் நேரே பேஸ்புக்கில் போய் முட்டி மோதுகிறார்கள். ஈமெயில் கைக்கு வராமல் பேஸ்புக்கைப் பிடித்தால், திருடன் அதே ஈமெயில் வழியாக அன்று மாலையே திரும்பப் பறிப்பான். முதலில் சிம், அடுத்து ஈமெயில், அதன் பிறகுதான் பேஸ்புக்.

பேஸ்புக் கணக்கை மீட்கப் போவது facebook.com/hacked என்ற முகவரிக்கு. இதை மருமகன் எப்போதும் பாவித்த அதே போனில், அதே வீட்டு வைஃபையில் செய்ய வைத்தோம். பழக்கமான போன், பழக்கமான இடம் என்றால் பேஸ்புக் கொஞ்சம் நம்பும். புதுப் போனில், பக்கத்துக் கடையில் இருந்து முயன்றால் பல வழிகளைக் காட்டவே காட்டாது. கடிதத்தில் இருந்த இணைப்பு வேலை செய்தது, பாஸ்வேர்டும் மாறியது. ஆனால் திருடன் வைத்த செயலியின் கோட்டைக் கேட்டு நின்றது. வேறு வழி என்று அழுத்தினால் அடையாள அட்டை கேட்டது. அனுப்பினோம். மறுத்துவிட்டது.

ஏன் மறுக்காது? கணக்கில் அவனுடைய பெயர் ஒரு சினிமாக் கதாநாயகனின் பட்டப் பெயர். பிறந்த வருடம், பதின்மூன்று வயது ஆகுமுன் கணக்குத் திறக்க வேண்டி கூட்டிப் போட்ட வருடம். அடையாள அட்டையில் இருப்பது அவனுடைய உண்மையான பெயர். இரண்டும் எந்த இடத்திலும் சந்திக்கவில்லை. கடைசியில் முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டும் வீடியோவைக் கேட்டது. கணக்கில் அவனுடைய முகம் தெளிவாகத் தெரியும் போட்டோக்கள் நிறைய இருந்ததால் அது சரி வந்தது. பூவும் சூரிய உதயமும் மட்டும் போட்டு வைத்திருந்தால் அதுவும் சரி வந்திருக்காது.

பெயர் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பகுதிக்கு இது பெரிய வியாதி. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பேங்க் புத்தகத்தில் மூன்றாவது. தோட்டத்தில் பிறந்த எத்தனையோ பேருக்கு, எழுதிய உத்தியோகத்தருக்குக் காதில் விழுந்ததுதான் பெயர். முஸ்லிம் பெயர்களிலும் ஒரே முகம்மதை நான்கு விதமாக எழுதி வைத்திருக்கிறோம். சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை, அதை விடுங்கள். பேஸ்புக் கணக்கின் பெயரை அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துப்படி, பிறந்த திகதியோடு, இன்று மாற்றுவது பத்து நிமிட வேலை. செல்லப் பெயர் வேண்டுமென்றால் கூடுதல் பெயராகப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கு போன பிறகு இதைச் செய்ய முடியாது.

மருமகனின் கணக்கு ஒன்பதாம் நாள் வந்தது. உள்ளே போனதும் எல்லா இடத்திலிருந்தும் லொக் அவுட் செய்தோம். Accounts Centre என்ற இடத்தில் பார்த்தால், எங்களுக்குத் தெரியாத ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு இணைக்கப்பட்டிருந்தது. அதை நீக்கினோம். நீக்காமல் விட்டிருந்தால் அது இன்னொரு கதவு. தவிர, அந்த இன்ஸ்டாகிராமில் திருடன் செய்யும் கூத்துக்கு உங்கள் பேஸ்புக் கணக்கு முடக்கப்படும்.

கணக்கு வந்தது, பேஜ் வரவில்லை. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. கணக்கு வேறு, பேஜ் வேறு. வெளியாளாக நின்று பேஜைப் பார்த்தோம். About பகுதியில் Page transparency என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் பார்க்கலாம். பேஜ் எப்போது தொடங்கியது, பெயர் மாறியதா, நடத்துகிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று காட்டும். நானாவின் ஐந்து அறை லொட்ஜை அப்போது இரண்டு வெளிநாட்டிலிருந்து நடத்திக் கொண்டிருந்தார்கள். உங்கள் பேஜில் இதை இன்றைக்கே பாருங்கள். இலங்கையைத் தவிர வேறு நாடு தெரிந்து, உங்கள் சொந்தக்காரர் யாரும் அங்கே இருந்து நடத்தவில்லை என்றால், விஷயம் ஏற்கெனவே நடந்து விட்டது.

திருடன் செய்த கெட்டிக்காரத்தனம், பேஜைத் தன்னுடைய Business portfolio ஒன்றுக்குள் இழுத்துக்கொண்டது. முன்பு பிஸ்னஸ் மெனேஜர் என்று சொன்னது இதைத்தான். ஒரு பேஜ் ஒரு நேரத்தில் ஒரு போர்ட்ஃபோலியோவுக்கு மட்டும்தான் சொந்தமாக இருக்க முடியும். அந்தப் போர்ட்ஃபோலியோவை வைத்திருப்பவரே மேல் உரிமையாளர். பேஜின் பட்டியலில் மட்டும் இருப்பவர் அவரை அசைக்க முடியாது. உறுதி என்று நாங்கள் தலைப்பில் சொன்னது இதைத்தான். நானா ஒருபோதும் எழுதாத உறுதியை, திருடன் தன் பெயரில் எழுதிக்கொண்டான்.

இதற்குப் பிறகு, விளம்பரம் செய்கிறவர்களுக்குப் பேஸ்புக் வைத்திருக்கும் பிஸ்னஸ் உதவிப் பகுதியில் விண்ணப்பித்தோம். நானாவின் அடையாள அட்டை, பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், பேஜ் யாருடையது, எப்படிப் போனது, என்ன வேண்டும் என்று கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம், பேஜின் இலக்கம். சான்றிதழில் லொட்ஜின் பெயரும் பேஜின் பெயரும் ஒன்றாக இருந்தது உதவியது. எல்லாவற்றையும் விட உதவியது, பழைய பூஸ்டுகளுக்கு ஈமெயிலில் வந்து கிடந்த ரசீதுகள். நாலு வருடமாக இந்தப் பேஜுக்கு இந்தக் கார்டால் காசு கட்டியது யார் என்பதை அவை பேசின. ரசீது மெயில்களை அழிக்காதீர்கள்.

பேஜ் திரும்பி வந்தது ஐந்தாவது வாரத்தில். சீசன் முடிந்து, பூக்கண்காட்சி முடிந்து, வேன்கள் எல்லாம் இறங்கிய பிறகு. அதற்கிடையில் நடந்ததைச் சொல்ல எங்களுக்கே கஷ்டம். யார் எந்தத் திகதிக்கு அட்வான்ஸ் போட்டார் என்ற விவரம் முழுவதும் பேஜின் இன்பாக்ஸில்தான் இருந்தது, கொப்பியில் இல்லை. பேங்கில் காசு வந்ததற்குப் பெயர் இருந்தது, திகதி இல்லை. நானா ஞாபகத்தில் இருந்ததை வைத்து அறைகளைக் கொடுத்தார். புத்தாண்டு விடுமுறையில் ஒரு இரவு, ஒன்பது மணிக்கு, கிழக்கிலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. வயதான ஒரு தாய், இரண்டு கைக்குழந்தை. அட்வான்ஸ் போட்ட எஸ்எம்எஸ் அவர்களிடம் இருந்தது, அறை இல்லை. நானா தன் வீட்டு முன் அறையைக் கொடுத்துவிட்டு, மனைவி பிள்ளைகளோடு குசினியில் படுத்தார். காசு நட்டம் ஒரு பக்கம், அந்தத் தாயின் முகத்தைப் பார்த்ததுதான் மறக்கவில்லை என்கிறார்.

இனி, எங்களிடம் வரும் எதிர்வாதங்கள்.

"பெரிய பெரிய ஆட்களுடையதே போகிறது, நாங்கள் எம்மாத்திரம்?" உண்மை, போகிறது. 2024 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் சேனலே பறிபோய், கிரிப்டோ காசு விளம்பரம் ஓடியது. அதே வருடம் டிசம்பர் கடைசியில் இலங்கைப் பொலிஸின் சமூக ஊடகக் கணக்குகளுக்குள் புகுந்தார்கள். ஆனால் அவர்கள் ஒரு போன் போட்டால் மறுமுனையில் எடுக்க ஆள் இருக்கிறது. அமெரிக்காவிலேயே சாதாரண மக்களுக்கு அந்த ஆள் கிடைக்காமல், 2024 மார்ச்சில் 41 சட்டமா அதிபர்கள் சேர்ந்து மெட்டாவுக்குக் கடிதம் எழுதினார்கள். நியூயோர்க் மாநிலத்துக்கு மட்டும் 2019இல் வந்த முறைப்பாடு 73, 2023இல் 783. அங்கேயே அப்படி என்றால், ஹட்டனிலிருந்து போகும் முறைப்பாட்டுக்கு எவ்வளவு அவசரம் காட்டுவார்கள்? சின்ன ஆள் என்பதாலேயே நாம் முன்கூட்டிப் பூட்ட வேண்டியிருக்கிறது.

"பொலிஸில் சொன்னால் எடுத்துத் தர மாட்டார்களா?" முறைப்பாடு செய்யுங்கள், கட்டாயம் செய்யுங்கள். அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணக்குக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 என்ற இலக்கத்தில் பேசினால் வழி சொல்வார்கள். முறைப்பாட்டுப் பிரதி, பேங்கில் வெட்டிய காசைக் கேட்கும்போது கைகொடுக்கும். ஆனால் பேஜின் பூட்டைத் திறக்கும் சாவி அவர்கள் யாரிடமும் இல்லை. அது மெட்டாவிடம் மட்டும்தான் இருக்கிறது.

"இருபத்தையாயிரம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்." நானாவிடமும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கமெண்டில், ஒருவர் வட்ஸ்அப்பில். இருவரும் முதலில் கேட்டது அடையாள அட்டையின் போட்டோவும் போனுக்கு வரும் கோட்டும். ஒரு தடவை கொள்ளையடிக்கப்பட்டவனின் வீட்டுக்கு, கதவு திருத்துகிறேன் என்று வரும் இரண்டாவது கள்ளன் இவன்.

"என்ட மருமகனை நான் நம்பாமல் இருக்கிறதா?" நானாவே எங்களிடம் இதைக் கேட்டார், கொஞ்சம் கோபமாகவே. இதுதான் நம் ஊரின் உண்மையான சிக்கல். சொந்தக்காரரிடம் எழுத்து கேட்டால், உரிமை கேட்டால், நம்பவில்லை என்று அர்த்தம் எடுத்துக் கொள்கிறோம். நாங்கள் நானாவிடம் சொன்னது, லொட்ஜின் சாவிக் கொத்தை மருமகனிடம் கொடுங்கள், உறுதியை உங்கள் அலுமாரியில் வையுங்கள், இதில் யாருக்கு என்ன மானக்கேடு என்று. அந்தப் பிள்ளை இப்போது நிம்மதியாக இருக்கிறான். இன்னொரு லிங்கை அவன் தவறி அழுத்தினாலும் பேஜ் போகாது என்று அவனுக்குத் தெரியும். முழுப் பாரத்தையும் ஒரு இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் பெருவிரலில் ஏற்றி வைத்துவிட்டு அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைப்பது நியாயமா?

இப்போது அங்கே எப்படிப் பூட்டியிருக்கிறோம் என்று சொல்கிறோம். business.facebook.com இல் நானாவின் பெயரில், அவருடைய உண்மையான பெயருள்ள கணக்கால், ஒரு போர்ட்ஃபோலியோ திறந்தோம். பேஜையும் விளம்பரக் கணக்கையும் அதற்குள் சேர்த்தோம். முழுக் கட்டுப்பாடு இரண்டே பேருக்கு, நானாவுக்கும் கொழும்பில் படிக்கும் மூத்த மகளுக்கும். வேண்டுமென்றே வேறு வேறு ஊரில், வேறு வேறு போனில். கணவனும் மனைவியும் ஒரே போனில் இரண்டு கணக்கு வைத்திருந்தால் அது ஒரே அட்மின்தான், போன் ஆற்றில் விழுந்தால் இருவரும் போவார்கள். மருமகனுக்குப் பதிவு போடவும், மெசேஜுக்குப் பதில் சொல்லவும் மட்டும் அனுமதி. ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ அவனால் முடியாது. ஆகவே அவனுடைய பாஸ்வேர்டைத் திருடுகிறவனாலும் முடியாது. அதே இடத்தின் Security Centre இல், உள்ளே இருக்கும் எல்லோருக்கும் இரட்டைப் பாதுகாப்பு கட்டாயம் என்று வைத்தோம்.

கோட்டை எஸ்எம்எஸ்ஸில் எடுக்காமல் செயலியில் எடுக்கிறார்கள். போன் தொலைந்தால் பாவிப்பதற்குப் பேஸ்புக் தரும் பத்து மீட்புக் கோட்களைத் தாளில் எழுதி, அலுமாரியில் லொட்ஜின் உறுதியோடு வைத்திருக்கிறார் நானா. ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் வேலை செய்யும். தாளைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கிற வேலை வேண்டாம். ஈமெயில் புதிதாகத் திறந்தது, மீட்பு நம்பர் நானாவின் சொந்த அடையாள அட்டையில் பதிந்த சிம், மீட்பு ஈமெயில் மகளுடையது. உங்கள் சிம் யாருடைய அடையாள அட்டையில் எடுத்தது என்று யோசித்துப் பாருங்கள். தொலைந்தால் மாற்று சிம்முக்குக் கம்பனி கேட்கப் போவது அந்த ஆளின் அட்டையைத்தான். ஜிமெயிலில் மீட்பு நம்பரை யாராவது மாற்றினால், பழைய நம்பருக்குக் கோட் அனுப்பும் வழியை கூகுள் ஏழு நாள் வரை விட்டு வைக்கலாம். அந்த ஒரு வாரம் உங்கள் கையில் இருக்கிறது, மறைத்து வைத்து வீணாக்காதீர்கள்.

இந்தப் பூட்டுக்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை லொகின் ஆன பிறகு கம்ப்யூட்டரில் ஒரு சிறு கோப்பு தங்கும், அதனால்தான் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேட்பதில்லை. அந்தக் கோப்பையே திருடும் மல்வெயார்கள் உண்டு. அப்போது பாஸ்வேர்டும் வேண்டாம், கோட்டும் வேண்டாம். 2021இல் வியட்நாமைச் சேர்ந்த நாலு பேர் மேல் மெட்டாவே வழக்குப் போட்டது. விளம்பரம் நடத்த உதவும் ஆப் என்று ஒன்றை இறக்க வைத்து, இப்படிக் கணக்குகளைப் பறித்து, 36 மில்லியன் டொலருக்கு மேல் விளம்பரம் ஓட்டினார்களாம். 2022இல் டக்டெயில் என்று பெயரிட்ட இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள், அதன் குறியே பேஸ்புக் பிஸ்னஸ் கணக்குகள். ஆகவே திருட்டு சொஃப்ட்வெயார் போட்ட கடைக் கம்ப்யூட்டரில், போஸ்டர் அடிக்கும் இடத்தில், உங்கள் அட்மின் கணக்கைத் திறக்காதீர்கள். போஸ்டரை வட்ஸ்அப்பில் வாங்கி உங்கள் போனிலிருந்து போடுங்கள். கார்டையும் பேஜில் நிரந்தரமாக வைக்காதீர்கள். நானா இப்போது பூஸ்டுக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்து, தேவைக்கு மட்டும் காசு போடுகிறார். நள்ளிரவில் பேங்க் எஸ்எம்எஸ் வந்தால், தூங்கப் போகுமுன் பேங்குக்குப் போன் பண்ணி கார்டை நிறுத்துகிறார்.

முன்பதிவு எல்லாம் இப்போது ஒரு சீஆர் கொப்பியிலும் ஏறுகிறது. திகதி, பெயர், போன் நம்பர், அட்வான்ஸ். அதை யாரும் ஹேக் பண்ண முடியாது என்று மருமகன் பகிடி விடுகிறான்.

வரும் இரண்டு சனிக்கிழமையும் பாடசாலை முடிந்த கையோடு, பின்னேரம் நான்கு வரை கம்ப்யூட்டர் அறையில் இருப்போம். பேஜ் உள்ளவர்கள் வாருங்கள், தோட்டத்து அண்ணன்மார், டவுன் கடைக்காரர்கள், வீட்டில் கேக் செய்து விற்கும் தாத்தாமார் எல்லோரும். பேஜுக்குச் சொந்தக்காரர் நேரில் வர வேண்டும், நடத்துகிற பிள்ளையும் கூட வர வேண்டும். அடையாள அட்டை, வியாபாரப் பதிவு, இருவரின் போன், ஒரு பேனை, ஒரு தாள் கொண்டு வாருங்கள். பாஸ்வேர்டை நீங்களே தட்ட வேண்டும், நாங்கள் அந்த நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம்.